கம்பி, சிமென்ட் விலை மாறினால் ஒப்பந்தத் தொகை எப்படி மாறும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டட ஒப்பந்தங்களில் பில் போடுகிற வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். ஒப்பந்ததாரர்களும் புதிதாக வேலைக்கு வந்த சைட் என்ஜினியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். மத்திய பொதுப்பணித் துறையின் ஒப்பந்தங்களில் 10சிஏ என்ற எண்ணில் வரும் பிரிவைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறேன். பல அரசு நிறுவனங்களும் இதையே எடுத்து, சிறு மாற்றங்களோடு பயன்படுத்துகின்றன. ஆகவே, உங்கள் கையில் இருக்கும் ஒப்பந்தப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

24 மாத வேலை எடுத்திருக்கிறோம். கம்பி விலை எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. டீலர் பில்லைக் காட்டினால் வித்தியாசத்தைத் தருவார்களா?

தரமாட்டார்கள். நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது இந்தக் கணக்கில் எங்குமே வராது. டெண்டர் சமயத்தில் இருந்த விலைக் குறியீட்டு எண்ணையும், பொருள் வந்த சமயத்தில் இருக்கும் குறியீட்டு எண்ணையும் ஒப்பிட்டு, எத்தனை சதவீதம் மாறியிருக்கிறதோ அதை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் அடிப்படை விலைமேல் போடுவார்கள். டீலர் பில் தேவைப்படுவது வேறு காரணத்துக்காக. பொருள் உண்மையாகவே வந்தது, இந்தத் தேதியில் வந்தது, அங்கீகரிக்கப்பட்ட கம்பெனியின் சரக்குதான் வந்தது என்று காட்ட அது வேண்டும்.

இதில் நன்மையும் இருக்கிறது, நஷ்டமும் இருக்கிறது. நீங்கள் பேரம் பேசி மலிவாக வாங்கினால் அந்த லாபம் உங்களுக்கே. குறியீடு 14 சதவீதம் ஏறியிருக்கும்போது உங்கள் ஊரில் 19 சதவீதம் ஏறியிருந்தால், மிச்ச 5 சதவீதம் உங்கள் தலையில். இந்த இடைவெளி எப்போதும் கொஞ்சமாவது இருக்கும். முழு விலையேற்றமும் திரும்பக் கிடைத்துவிடும் என்று நம்பி டெண்டரில் விலை போடாதீர்கள்.

சூத்திரத்தைக் கொஞ்சம் எளிமையாகச் சொல்லுங்களேன்.

இதுதான்:

```
V = P × Q × (CI − CI0) / CI0
```

V என்பது உங்களுக்குத் தர வேண்டிய தொகை. மைனஸில் வந்தால் உங்களிடமிருந்து பிடிக்க வேண்டிய தொகை. P அந்தப் பொருளின் அடிப்படை விலை. அது டெண்டர் ஆவணத்தின் எஃப் அட்டவணையில் எழுதப்பட்டிருக்கும். Q என்பது முந்தைய பில்லுக்குப் பிறகு வேலைக்காக சைட்டுக்கு வந்த அளவு. CI0 அந்த அடிப்படை விலைக்கு உரிய குறியீடு, CI கணக்கில் எடுக்கும் காலத்தின் குறியீடு.

கம்பிக்குத் தனியாக, சிமென்ட்டுக்குத் தனியாக இந்தக் கணக்கைப் போட வேண்டும். ஒன்றின் விலை ஏறும்போதே இன்னொன்றின் விலை இறங்கலாம்.

P-யைப் பலரும் கவனிப்பதில்லை. சந்தையில் டன் 62,000 ரூபாய் இருக்கும்போது எஃப் அட்டவணையில் 58,000 என்று எழுதியிருந்தால், பின்னால் வரும் ஒவ்வொரு சதவீத உயர்வும் 58,000-க்குத்தான் கிடைக்கும். அந்த 4,000 ரூபாய் வித்தியாசத்தை நீங்கள் டெண்டர் விலையிலேயே சேர்த்திருக்க வேண்டும், பிறகு கேட்க முடியாது. அதோடு, அந்த அடிப்படை விலை வரியோடு சேர்ந்ததா, வரி இல்லாததா என்பதையும் டெண்டருக்கு முந்தைய கூட்டத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஒரு பில்லை எடுத்து முழுசாகப் போட்டுக் காட்டுங்கள்.

மாணவர் விடுதி ஒன்று கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத் தொகை 18 கோடி, காலம் 24 மாதம். கீழே வரும் விலையும் குறியீடும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. கம்பியின் அடிப்படை விலை டன்னுக்கு 58,000 ரூபாய், அடிப்படைக் குறியீடு 125. சிமென்ட் டன்னுக்கு 5,600 ரூபாய், அதாவது மூட்டை 280. அதன் அடிப்படைக் குறியீடு 110.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான வேலைக்குப் பில் போடுகிறோம். முதலில் கம்பி. ஜூனில் 40 டன் வந்தது, அந்த மாதக் குறியீடு 135. அடிப்படையைவிட 10 புள்ளி அதிகம். 10-ஐ 125-ஆல் வகுத்தால் 0.08, அதாவது 8 சதவீதம். 40 டன்னின் அடிப்படை விலை 23,20,000 ரூபாய், அதில் 8 சதவீதம் 1,85,600. ஜூலையில் 55 டன், குறியீடு 142.5. உயர்வு 14 சதவீதம், தொகை 4,46,600. ஆகஸ்டில் 20 டன், குறியீடு கொஞ்சம் இறங்கி 140. உயர்வு 12 சதவீதம், தொகை 1,39,200. மூன்றையும் கூட்டினால் கம்பிக்கு மட்டும் 7,71,400 ரூபாய்.

அப்புறம் சிமென்ட். ஜூனில் 120 டன், குறியீடு 112.2. உயர்வு 2 சதவீதம், 13,440 ரூபாய் வருகிறது. ஜூலையில் 150 டன், குறியீடு 110, அதனால் ஒன்றுமில்லை. ஆகஸ்டில் 160 டன், குறியீடு 107.8. இங்கே 2 சதவீதம் குறைந்துவிட்டதால் 17,920 ரூபாய் பிடித்தம். மொத்தத்தில் சிமென்ட்டில் 4,480 ரூபாய் கழிகிறது. இந்தப் பில்லில் உங்களுக்குச் சேர வேண்டியது 7,66,920 ரூபாய்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். வேலை சுலபமாகட்டும் என்று மூன்று மாதக் குறியீட்டின் சராசரியை எடுத்து 115 டன்னுக்கும் சேர்த்துப் போட்டிருந்தால் கம்பிக்கு சுமார் 7,55,933 ரூபாய்தான் வந்திருக்கும், 15,467 ரூபாய் நஷ்டம். பில் போட்ட ஆகஸ்ட் மாதக் குறியீட்டையே எல்லாவற்றுக்கும் வைத்திருந்தால் 8,00,400 வந்திருக்கும். இது 29,000 ரூபாய் அதிகம். அதிகமாக வந்தது என்று சந்தோஷப்பட வேண்டாம், தணிக்கையில் அது திரும்பப் பிடிக்கப்படும்.

எந்த மாதக் குறியீட்டை எடுப்பது? கம்பி வந்த மாதமா, கான்கிரீட் போட்ட மாதமா, பில் போட்ட மாதமா?

10சிஏ மாதிரியான பிரிவில், பொருள் சைட்டுக்கு வந்த காலம். சூத்திரத்தின் Q-வுக்கான விளக்கத்தில் சைட்டுக்குக் கொண்டுவந்த அளவு என்றுதான் இருக்கிறது. கான்கிரீட் போட்ட தேதிக்கு இதில் வேலையே இல்லை. ஆனால் நான் பார்த்த தகராறுகளில் அதிகமும் இங்கேதான் தொடங்குகின்றன.

ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில் எனக்கே இது நடந்தது. விலை ஏறப்போகிறது என்று தெரிந்து ஒப்பந்ததாரர் ஏறக்குறைய 60 டன் கம்பியை மார்ச் மாதத்திலேயே இறக்கிவிட்டார். அது வளைத்துக் கட்டப்பட்டதோ மே, ஜூனில். பில் தயாரித்த நான் செய்த வேலையின் அளவுகளைப் பதியும் எம்-புக்கில் இருந்த கம்பி கட்டிய அளவுகளைப் பார்த்து, மே, ஜூன் குறியீட்டைப் போட்டுவிட்டேன். பணமும் வந்தது. ஒன்றரை வருடம் கழித்துத் தணிக்கையில் கேட் ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தார்கள், மார்ச் என்று தெளிவாக இருந்தது. கடைசிப் பில்லில் அந்த வித்தியாசம் முழுவதையும் பிடித்தார்கள். தவறு என்னுடையது.

அதனால், ஒவ்வொரு லோடுக்கும் நான்கு விஷயங்கள் ஒரே வரியில் இருக்கும்படி ரிஜிஸ்டர் வைத்துக்கொள்ளுங்கள்: வந்த தேதி, எடைச்சீட்டு எண், எந்த விட்டத்தில் எத்தனை டன், துறை சார்பில் பார்த்தவரின் கையெழுத்து. கையெழுத்தை அன்றைக்கே வாங்க வேண்டும். ஆறு மாதம் கழித்து மொத்தமாக வாங்கிய கையெழுத்தைப் பார்த்தவுடனேயே தெரிந்துவிடும்.

கம்பியை எடைமேடை எடையில் கணக்குப் பார்ப்பதா, விட்டத்தை வைத்துப் போடும் எடையிலா?

வேலைக்கான பணம் விட்டத்தை வைத்துப் போடும் எடையில்தான் கிடைக்கிறது. விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும், 16 மில்லிமீட்டர் கம்பி என்றால் சுமார் 1.58 கிலோ. உண்மையான கம்பி இதைவிடக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். இந்தியத் தரநிலை 1786 அந்த விட்டத்துக்கு 5 சதவீதம் வரை வித்தியாசத்தை அனுமதிக்கிறது.

விலைமாற்றக் கணக்கில் துறை இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். சைட்டுக்கு வந்தது 115 டன், வரைபடப்படி தேவை 108 டன் என்றால் மீதி 7 டன் எங்கே என்று கேட்பார்கள். கழிவுக்கு ஒப்பந்தத்தில் ஓர் எல்லை இருக்கும். அதற்குள் வருவதும், யார்டில் கண்ணுக்குத் தெரிகிற இருப்பும் சரி. அதற்கு மேல் இருப்பதை இந்த வேலைக்காக வந்த சரக்கு என்று ஏற்கமாட்டார்கள். ஒவ்வொரு பில்லோடும் விட்டவாரியாக ஓர் இருப்புக் கணக்கு கொடுத்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது.

இன்னொன்று. ஒப்பந்த அளவுக்கு மேல், அனுமதித்த எல்லையையும் தாண்டிப் போன வேலைக்கு அன்றைய சந்தை விலையில் புதிதாக ரேட் வாங்கியிருந்தால், அதில் போன கம்பியை Q-விலிருந்து கழித்துவிட வேண்டும். அந்த ரேட்டிலேயே புது விலை சேர்ந்துவிட்டது. இரண்டாவது தடவையும் கேட்டால் அது இரட்டிப்பு.

நாங்கள் மூட்டை சிமென்ட் வாங்குவதே இல்லை, எல்லாம் பிளான்ட்டில் கலந்து லாரியில் வரும் ஆர்எம்சி கான்கிரீட்தான். எங்களுக்கு சிமென்ட் விலைமாற்றம் கிடைக்குமா?

ஆர்எம்சியில் இருக்கும் சிமென்ட்டும் சிமென்ட்தான். ஆனால் அளவை நிரூபிக்கும் வழி வேறு. ஒப்புதல் பெற்ற மிக்ஸ் டிசைனில் ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ சிமென்ட் என்று இருக்கும். அதை ஊற்றிய கன மீட்டரால் பெருக்கினால் Q வந்துவிடும். 340 கிலோ உள்ள மிக்ஸில் 200 கன மீட்டர் ஊற்றினால் 68 டன். லாரியோடு வரும் பேட்ச் சீட்டில் உள்ள எடை இதோடு ஒத்துப்போக வேண்டும்.

இங்கே நடக்கும் பிழை, பிளான்ட்டில் தனியாகச் சேர்க்கும் ஃப்ளை ஆஷ் என்ற சாம்பலையும் சிமென்ட்டோடு கூட்டிவிடுவது. மிக்ஸில் 260 கிலோ சிமென்ட்டும் 80 கிலோ சாம்பலும் இருந்தால் கணக்கில் 260 மட்டும்தான் வரும். சிமென்ட் குறியீடு சாம்பலின் விலையைச் சொல்வதில்லை.

அடிப்படை மாதம் எது? ஒர்க் ஆர்டர் எங்களுக்கு ஐந்து மாதம் தாமதமாக வந்தது.

டெண்டர் தேதியை ஒட்டியே வரும், ஒர்க் ஆர்டர் தேதியை ஒட்டி இல்லை. எஃப் அட்டவணையிலேயே அடிப்படை விலையும் அது எந்த மாதத்துக்கு உரியது என்பதும் இருக்கும். சர்வதேச ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பின் மாதிரியில் வரும் ஃபிடிக் ஒப்பந்தங்களில் டெண்டர் கொடுக்கக் கடைசி நாளுக்கு 28 நாள் முந்தைய தேதி. ஆக, அந்த ஐந்து மாதத்தில் விலை ஏறியிருந்தால் அது உங்கள் கணக்கில் தானாகவே சேர்ந்துவிடும், பயப்பட வேண்டாம். டெண்டர் தேதியைத் தள்ளிவைத்தார்களானால் மட்டும் அடிப்படை விலையையும் மாற்றினார்களா என்று திருத்த அறிவிப்பில் பாருங்கள்.

வேலை 24 மாதத்தில் முடியவில்லை, 29 மாதம் ஆகிறது. கடைசி ஐந்து மாதத்துக்கும் விலைமாற்றம் உண்டா?

தாமதம் யாரால் என்பதைப் பொறுத்தது. உங்களால் என்று முடிவாகி, அபராதத்தோடு நீட்டிப்பு கொடுத்திருந்தால், விலையேற்றத்தை அந்தக் காலத்துக்கு எதிர்பார்க்க முடியாது. உங்கள் தவறில்லை என்று அபராதம் இல்லாமல் நீட்டிப்பு கொடுத்திருந்தால் உண்டு. ஆனால் அதற்கும் ஒரு மூடி இருக்கிறது. நீட்டித்த காலத்தில், திருத்திய முடிவுத் தேதியில் இருந்த குறியீடு, அந்தந்த மாதத்தின் குறியீடு, இந்த இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுப்பார்கள்.

திருத்திய முடிவுத் தேதி என்பது நீட்டிப்பு முடியும் தேதி என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கூடுதலாகச் செய்த வேலைக்கு மட்டும் விகிதப்படி நாள் சேர்த்து வருவது அது. நம் விடுதியில் 18 கோடிக்கு 24 மாதம். ஒன்றரைக் கோடிக்குக் கூடுதல் வேலை கொடுத்திருந்தால் 2 மாதம் சேரும். ஆகவே திருத்திய தேதி 26-வது மாதம். அப்போது கம்பிக் குறியீடு 150 என்றும், 27-வது மாதம் 165-க்குப் போய்விட்டது என்றும் வைத்துக்கொள்வோம். 27-வது மாதம் வந்த 30 டன்னுக்கு 150-ஐ வைத்து 20 சதவீதம், அதாவது 3,48,000 ரூபாய்தான் கிடைக்கும். 165-ஐ வைக்க முடிந்திருந்தால் 5,56,800. ஒரே மாதத்தில் 2,08,800 ரூபாய் போகிறது. 28-வது மாதம் குறியீடு 140-க்கு இறங்கினால் அந்த 140-தான் கணக்கு.

வரைபடம் தரத் தாமதம், இடம் ஒப்படைக்கத் தாமதம் என்று துறையின் காரணத்தாலேயே வேலை நீண்டாலும் இந்த மூடி விலகுவதில்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. உங்களால் செய்யக்கூடியது, கூடுதல் வேலைகளின் மதிப்பை அவ்வப்போது எழுத்தில் ஒப்புக்கொள்ள வைத்து, அதற்குரிய நாட்களை அப்போதே பதிவு செய்துவிடுவது. தாமதத்தால் வந்த மற்ற நஷ்டத்துக்கு இந்தச் சூத்திரத்தில் இடமில்லை, அதைத் தனிக் கோரிக்கையாகத்தான் கொண்டுபோக வேண்டும்.

விலை இறங்கினால் நிஜமாகவே பிடிப்பார்களா?

பிடிப்பார்கள். இந்தியாவில் 2022 மே மாதம் பல உருக்குப் பொருட்களுக்கு 15 சதவீத ஏற்றுமதி வரி போட்டார்கள், நவம்பரில் எடுத்தார்கள். இடையில் கம்பி விலை நன்றாக இறங்கியது. அந்த ஆண்டு ஏப்ரலில் விலை உச்சத்தில் இருக்கும்போது டெண்டர் போட்டவர்களுக்கு அடிப்படைக் குறியீடே உச்சத்தில் நின்றுவிட்டது. பின்னால் வந்த ஒவ்வொரு டன்னும் மைனஸில் போனது. அவர்களில் முன்கூட்டியே கம்பி வாங்கிக் குவித்தவர்களுக்கு இரட்டை அடி: அதிக விலையில் வாங்கினார்கள், பிடித்தமும் வந்தது. டெண்டர் சமயத்தில் குறியீடு எங்கே நிற்கிறது என்று பின்னோக்கி இரண்டு வருடமாவது பார்த்துவிட்டு விலை போடுங்கள்.

எங்கள் ஒப்பந்தத்தில் Pn என்று வேறு மாதிரி சூத்திரம் இருக்கிறதே?

அது ஃபிடிக் வகை. 1999-ஆம் ஆண்டு சிவப்புப் புத்தகத்தில் 13.8-வது உட்பிரிவு.

```
Pn = a + b(Ln/Lo) + c(En/Eo) + d(Mn/Mo) + ...
```

இங்கே டன் கணக்கே கிடையாது. வேலையின் மொத்த மதிப்பில் கம்பிக்கு இவ்வளவு பங்கு, சிமென்ட்டுக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று ஆரம்பத்திலேயே எழுதிவிடுவார்கள். a என்பது மாறாத பங்கு, அதற்கு விலைமாற்றம் இல்லை. b, c, d மற்றப் பங்குகள். L கூலிக்கும், E இயந்திரங்களுக்கும், M பொருட்களுக்கும் உரிய குறியீடு. n என்று வந்தால் கணக்கில் எடுக்கும் காலத்தின் குறியீடு, o என்று வந்தால் அடிப்படைக் குறியீடு. எல்லாப் பங்கும் கூட்டினால் 1. பில் தொகையை Pn-ஆல் பெருக்கினால் புதிய தொகை.

கம்பியின் பங்கு 0.20, குறியீடு 12 சதவீதம் ஏறியிருக்கிறது, மற்றவை மாறவில்லை என்றால் Pn 1.024. 2 கோடி பில்லுக்கு 4,80,000 ரூபாய் கூடும். அந்த மாதம் அஸ்திவாரத்தில் 100 டன் கம்பி போட்டிருந்தாலும் இதே தொகைதான், வெறும் பெயின்ட் அடித்திருந்தாலும் இதே தொகைதான். கட்டடத்தில் கம்பி பெரும்பாலும் முதல் பாதியிலேயே முடிந்துவிடும். அதனால் ஆரம்பத்தில் விலை ஏறி, பூச்சு வேலை சமயத்தில் இறங்கினால் இந்த முறையில் ஒப்பந்ததாரருக்கு நஷ்டம். முதலில் அடங்கியிருந்து பின்னால் ஏறினால் வேலை கொடுத்தவருக்கு நஷ்டம். ஸ்ட்ரக்சர் வேலைக்கு ஒரு பங்கு அட்டவணை, பூச்சு வேலைக்கு வேறு ஒன்று என்று கேட்டு வாங்க முடிந்தால் இந்தக் கோணல் பெரிதும் சரியாகும். அதைக் கேட்க வேண்டிய நேரமும் டெண்டருக்கு முன்தான்.

குறியீட்டுத் தேதியும் இதில் வேறு. பில் காலத்தின் கடைசி நாளுக்கு 49 நாள் முன்பு நடப்பில் இருந்த குறியீட்டை எடுக்க வேண்டும்.

நடுவில் குறியீட்டின் அடிப்படை ஆண்டையே மாற்றிவிட்டார்கள். பழைய எண்ணையும் புது எண்ணையும் எப்படி ஒப்பிடுவது?

நேராக ஒப்பிடக் கூடாது. 2017 மே மாதம் மொத்த விலைக் குறியீட்டின் அடிப்படை ஆண்டு 2004-05-லிருந்து 2011-12-க்கு மாறியபோது பல ஒப்பந்தங்களில் இது நடந்தது. புது வரிசையில் எண்கள் சிறியவை. டெண்டர் சமயத்துப் பழைய எண் 165 என்றும் இன்றைய புது எண் 118 என்றும் இருந்தால், அப்படியே சூத்திரத்தில் போட்டவர்களுக்கு விலை இறங்கியது போல மைனஸ் வரும். புது எண்ணை, இரண்டு வரிசைகளையும் இணைக்க வெளியிடப்படும் இணைப்புக் காரணியால் பெருக்கிப் பழைய வரிசைக்குக் கொண்டுவந்த பிறகுதான் கழிக்க வேண்டும். காரணி 1.5 என்றால் 118 என்பது 177. உண்மையில் விலை ஏறித்தான் இருக்கிறது.

மொத்த விலைக் குறியீடு முதலில் தற்காலிகமாக வெளியாகி, பிறகு இறுதியாகும் என்பதையும் மறக்காதீர்கள். தற்காலிக எண்ணில் பில் போட்டால் அதன் ஓரத்தில் அப்படியே குறித்துவையுங்கள், அடுத்த பில்லில் வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளலாம்.

சிமென்ட் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆனதே, அது இந்தக் கணக்கில் வருமா?

மொத்த விலைக் குறியீட்டில் மறைமுக வரி சேர்வதில்லை. ஆகவே 2025 செப்டம்பர் 22 முதல் வந்த அந்தக் குறைப்பு அந்தக் குறியீட்டில் தெரியாது. வரி மாற்றத்துக்கு ஒப்பந்தத்தில் தனிப் பிரிவு இருக்கும், அதன்படிதான் துறை கேட்கும். துறை தானே வெளியிடும் குறியீடாக இருந்தால், அது வரியோடு சேர்ந்த விலையிலிருந்து வந்ததா என்று முதலில் பாருங்கள். வரி அதிலேயே அடங்கியிருந்தால் குறைப்பு CI வழியாக ஒரு தடவை பிடிக்கப்பட்டுவிடும். அதே வரிக்காக இன்னொரு பிரிவிலும் பிடித்தம் எழுதினால் எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள்.